ஏணி எட்டாத ஜெட்டி

2004 நவம்பரில் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப் 2’ வீடியோ கேமின் நடுப்பகுதியில் ஒரு கடற்கரைச் சாலை வருகிறது. கூரை இல்லாத, குழாய்ச் சட்டங்களால் ஆன ஒரு வண்டியை ஆடுபவர் ஓட்டிக்கொண்டு போகிறார். ஒருபுறம் பாறைச் சரிவு, மறுபுறம் கடல். அங்கங்கே கடலைப் பார்த்தபடி வீடுகள் நிற்கின்றன. ஆள் இல்லை. வீடுகளை ஒட்டி, படகு கட்டுவதற்கான மர ஜெட்டிகள். வண்டியை நிறுத்திக் கொஞ்சம் கவனித்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். ஜெட்டியின் கால்கள் காய்ந்த மணலில் நிற்கின்றன. நடைபலகை ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. கடலோ அதற்கெல்லாம் அப்பால், வெகு கீழே கிடக்கிறது. படகுகள் மணலில் சாய்ந்திருக்கின்றன.

ஜெட்டியைக் கட்டியவர்கள் தண்ணீர் நின்ற இடத்தில்தான் கட்டியிருப்பார்கள். அப்படியானால் கடல்தான் இறங்கியிருக்கிறது. ஓதம் வந்து வடிந்த இறக்கமாகவும் தெரியவில்லை, அதற்கு இது மிக அதிகம். பூமியைக் கைப்பற்றி ஆளும் வேற்றுலகப் பேரரசு கடலையே உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்ற முடிவுக்கு ஆடுபவர் தானாகவே வந்து சேர்கிறார். எந்தப் பாத்திரமும் அவரை நிறுத்திவைத்து இதை விளக்குவதில்லை. கதாநாயகனான விஞ்ஞானி கார்டன் ஃப்ரீமேன் விளையாட்டு முழுக்க வாய் திறப்பதே இல்லை. ஒரு கிரகம் செத்துக்கொண்டிருக்கும் சேதியை மணலில் நின்ற நாலு மரக்கால்கள் சொல்லி முடித்துவிட்டன.

இப்படி இடத்தையும் பொருளையும் வைத்துக் கதை சொல்வதைப் பற்றி 2000ஆம் ஆண்டிலேயே டான் கார்சன் எழுதினார். டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களை வடிவமைத்த அனுபவத்தை கேம் உருவாக்குபவர்களுக்கு எடுத்துச் சொன்ன கட்டுரை அது. பத்து ஆண்டு கழித்து, கேம் உருவாக்குபவர்களின் வருடாந்தர மாநாட்டில் ஹார்வி ஸ்மித்தும் மத்தியாஸ் வோர்ச்சும் இதையே பொருளாக வைத்துப் பேசினார்கள். அவர்கள் உரைக்கு வைத்த தலைப்பு, ‘இங்கே என்ன நடந்தது?’ பாழடைந்த ஒரு லெவலுக்குள் நுழைகிறவர் மனத்தில் எழவேண்டிய கேள்வியும் அது ஒன்றுதான்.

சினிமாவில் இது சுலபம். சாலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பைக் காட்ட வேண்டுமென்றால் இயக்குநர் கேமராவை அருகே கொண்டுபோவார், மூன்று விநாடி நிறுத்துவார், வேண்டுமென்றால் வயலினும் சேர்ப்பார். கேமில் கேமரா ஆடுபவரின் கையில் இருக்கிறது. அவர் செருப்பைப் பார்க்காமல் தாண்டி ஓடலாம், அதைச் சுடலாம், அதன்மேல் ஏறிக் குதிக்கலாம். அவரைப் பார்க்கவைக்க லெவல் கட்டுபவரிடம் இருப்பவை மூன்றே: எந்த வழியாக வருவார், வெளிச்சம் எங்கே விழும், பொருள் எந்த உயரத்தில் இருக்கும். வசனமில்லாத சோகம் முழுவதையும் இந்த மூன்றை வைத்தே கட்ட வேண்டியிருக்கிறது.

அதே விளையாட்டில் இதற்கு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு ரேவன்ஹோம் என்ற சுரங்க ஊர். ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து தப்பியவர்கள் ஒளிந்து வாழ்ந்த ஊர் அது. அங்கே இப்போது யாரும் போவதில்லை என்று முன்பே ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார்கள். பிறகு, போயே தீரவேண்டிய நிலை வருகிறது. நிலத்தடிப் பாதையைக் கடந்து இரவுக்குள் வெளியே வந்தால், ஒரு மரத்தில் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பாதி உடல் தொங்குகிறது. அடுத்து நுழையும் கட்டடத்தில் சுவரில் ஒரு வட்ட ரம்பத் தகடு செருகி நிற்கிறது. அதன் பக்கத்தில் இரண்டாக வெட்டுண்ட ஓர் உடல். ஆடுபவரின் கையில் அப்போதுதான் புதிதாகக் கிடைத்த ஒரு துப்பாக்கி இருக்கிறது; பொருள்களை இழுத்துப் பிடித்து வீசி எறியும் துப்பாக்கி. தகட்டைச் சுவரிலிருந்து உருவுகிறார். அதே நேரம் எதிரே ஒரு ஜாம்பி வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளையாட்டு வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அறையைப் பாடம் நடத்தும் அறை என்று மெச்சுவார்கள். அது சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தத் தகட்டை இதற்கு முன் யாரோ ஒருவர் வீசியிருக்கிறார். ஊருக்குள் இன்னும் போனால் வடத்தில் தூக்கிக் கட்டிய கார் ஒன்று, கீழே வருபவர்மேல் விழத் தயாராகத் தொங்குகிறது. மோட்டாரில் சுழலும் கத்தி, எரிவாயுக் கண்ணி எல்லாம் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒருவன் தனியாக இங்கே வெகுகாலமாகப் போராடிக்கொண்டிருக்கிறான் என்பது அவனைச் சந்திக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. அவன் யாருடன் போராடுகிறான்? கூரைகளைப் பார்த்தால் தெரியும். உலோக உருளைகள் ஓடுகளைப் பிளந்து செருகி நிற்கின்றன. தலையில் தொற்றிக்கொள்ளும் நண்டு போன்ற ஒட்டுண்ணிகளை அடைத்து எதிரி ஊர்மேல் எறிந்த குண்டுகள் அவை. ஜாம்பிகள் உடுத்தியிருப்பது சாதாரண மனிதர்களின் துணி. கொன்றபின் நண்டு கழன்று விழுந்தால் அடியில் மனித முகம் தெரிகிறது. ஆக, இத்தனை கண்ணிகளும் வைத்தது அவனுடைய சொந்த ஊர்க்காரர்களுக்கு.

அவன் பெயர் ஃபாதர் கிரிகோரி. அந்த ஊரின் பாதிரியார். பிறகு அவர் வந்து நிறையப் பேசத்தான் செய்கிறார். ஆனால் அவர் பேச வருவதற்குள் சோகம் நடந்து முடிந்துவிட்டது. தன் மந்தையைத் தானே கொன்று விடுதலை தரவேண்டிய நிலைமை அவருடையது என்பதைத் தகடும் காரும் கூரையும் காட்டிக்கொடுத்துவிட்டன. எரியும் ஜாம்பிகள் எழுப்பும் அலறலைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டால், கடவுளே காப்பாற்று என்று ஒரு மனிதக் குரல் கெஞ்சுவது கேட்கும் என்பது பிறகு ரசிகர்கள் கண்டுபிடித்தது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த ஊருக்குள் போவது கொஞ்சம் கஷ்டம்தான்.

ரேவன்ஹோமிலும் சரி, கடற்கரையிலும் சரி, வேலை செய்வது ஒரே உத்தி. ஒரு பொருள் இருக்கவேண்டிய இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறொன்று. ரம்பத்தகடு மரம் அறுக்கும் மேசையில் இருக்க வேண்டும், சுவரில் இருக்கிறது. கார் சாலையில் நிற்க வேண்டும், வடத்தில் தொங்குகிறது. அந்த இடமாற்றத்துக்குக் காரணம் தேடும்போதுதான் மனம் கதை பின்னத் தொடங்குகிறது. வெறும் பிணத்தைக் கிடத்திவைத்தால் அந்தத் தேடல் நடக்காது. செத்தவர் எங்கே வேண்டுமானாலும் கிடப்பார். இந்த வகை கேம்களில் நூறு பிணங்களைத் தாண்டிப் போகும் ஆடுபவர் நூற்றோராவதற்காக நிற்கமாட்டார்.

சொல்வது எளிது, செய்யும்போதுதான் சிக்கல்கள் தெரியும். அதனால் அந்தக் கடற்கரையிலேயே, விளையாட்டில் இல்லாத ஒரு வீட்டை நாமே கட்டிப் பார்க்கலாம். ஹாஃப் லைஃப் 2 லெவல்களைக் கட்டப் பயன்பட்ட ‘ஹேமர்’ என்ற மென்பொருளை, விளையாட்டை வாங்கியவர்களுக்கும் வால்வ் நிறுவனம் கொடுத்திருக்கிறது. அதில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

கதை இது. கடலோரத்தில் இரண்டு பேர் வாழ்கிறார்கள். கடல் வடியத் தொடங்கிய பிறகும் ஒருவர் படகில் போய் வருகிறார். தண்ணீர் இறங்க இறங்க, ஜெட்டியின் ஏணி கீழே எட்டாமல் போகிறது. ஒருநாள் இரவு படகு திரும்பி வருகிறது. வந்தவர் அடிபட்டோ களைத்தோ இருக்கிறார், மேலே ஏற முடியவில்லை. வீட்டில் இருப்பவருக்கு அது தெரியாது. படகு ஜெட்டிக்கு நேர் கீழே இருக்கிறது, அதை ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. அவர் இன்னும் பல இரவு விளக்கேற்றிவைத்துக் காத்திருக்கிறார். காத்திருந்தவருக்கு கடைசிவரை தெரியாமல் போன ஒன்று ஆடுபவருக்குத் தெரிகிறது என்பதுதான் இதில் துயரம். இதை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்ல வேண்டும்.

முதலில் ஜன்னல். கடலைப் பார்த்த ஜன்னலின் விளிம்பில் தீர்ந்துபோன மெழுகுவத்திக் குட்டைகள். ஒன்று இருந்தால் மின்சாரம் இல்லாத வீடு என்று பொருள். முப்பது இருந்தால் அது ஒரு வழக்கம். பழையவை அடியில் தூசு படிந்து, புதியவை அவற்றின் மேலேயே ஒட்டி நிற்கும்படி அடுக்கினால் இரவுகள் கடந்தது தெரியும். விளையாட்டில் ஆடுபவரின் கண் தரையிலிருந்து 64 அலகு உயரத்தில் இருக்கிறது. ஆளின் மொத்த உயரம் 72 அலகு. ஜன்னல் விளிம்பு அதைவிடக் கொஞ்சம் கீழே, 50 அலகை ஒட்டி இருந்தால் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும். இதையே தரையில் பரப்பினால் பாதிப்பேர் பார்க்கமாட்டார்கள். அலமாரி உச்சியில் வைத்தால் ஒருவருமே பார்க்கமாட்டார். முதல்நபர் விளையாட்டுகளில் காரணமில்லாமல் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அடுத்தது நாற்காலி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பியது. மேசையருகே இருக்கவேண்டிய நாற்காலி என்று தெரிய வேண்டுமானால் மேசையில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். அதே வகை நாற்காலி இன்னொன்று மேசையருகே அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் என்ற தகவலையும் இதுவே கொடுத்துவிடுகிறது. இரண்டு தட்டு, இரண்டு பல்துலக்கி எல்லாம் வைக்கத் தேவையில்லை. நாற்காலிக்கும் அடுப்புக்கும் நடுவே தரையின் பெயிண்ட் தேய்ந்து ஒரு தடம். இதை `infodecal` என்ற ஒட்டுப்படம் மூலம் தரையில் பதிக்கலாம். காலத்தைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. தேய்மானம் ஒரே நாளில் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஜெட்டி. வீட்டின் பின்கதவிலிருந்து நேராகப் போகிறது. முனையில் ஓர் ஏணி, அதன் கீழே கயிற்றால் கட்டிய இன்னொரு ஏணி, அதன் கீழே வெறும் கயிறு முடிச்சுப் போட்டது. தண்ணீர் படிப்படியாக இறங்கியதையும், இவர்கள் ஒவ்வொரு முறையும் அதற்கு ஈடுகொடுத்ததையும் மூன்று பொருளில் சொல்லியாயிற்று. கயிறு பாதியில் அறுந்து நிற்கிறது. அறுந்த மறுபாதி கீழே படகுக்குள் கிடக்கிறது. படகு ஜெட்டியின் கால்களுக்கு நடுவே, நிழலில். துடுப்பைச் செங்குத்தாக நிறுத்தி ஜெட்டிக் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது, அதன்மேல் ஏற முயன்றது போல. கால் மரத்தில், கைக்கு எட்டும் உயரம்வரை கீறல்கள்.

பிணம் வேண்டுமா என்பது இங்கே வரும் கேள்வி. வேண்டாம் என்பேன், அதற்குப் பாதி காரணம் தொழில்நுட்பம். இந்த விளையாட்டில் உடல்களை `prop_ragdoll` என்ற வகையில் வைப்பார்கள். மூட்டு மூட்டாக அசையக்கூடிய பொம்மை அது. லெவல் திறந்ததும் புவியீர்ப்பு வேலை செய்யத் தொடங்கும். நாம் யோசித்து வைத்த நிலை கலைந்து உடல் சரிந்துவிடும். படகுப் பலகைக்குள் கால் சிக்கினால் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். துயரக் காட்சியில் பிணம் துடித்தால் சிரிப்புதான் வரும். மழைக்கோட்டு ஒன்றைப் படகில் விரித்து, பக்கத்தில் பூட்ஸ் இரண்டையும் வைத்தால் போதும். ஏறுவதற்காகப் பூட்ஸைக் கழற்றியிருக்கிறார் என்ற சின்ன விவரமும் கூடவே கிடைக்கிறது.

அசையும் பொருளா, அசையாப் பொருளா என்பதும் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. `prop_physics` என்று வைத்தால் மெழுகுவத்திகள் உருளும், நாற்காலி சாயும். ஆடுபவர் ஓடிவந்து இடித்தால் காட்சியே கலைந்துபோகும். `prop_static` என்று வைத்தால் எதுவும் நகராது, ஆனால் சுட்டாலும் அடித்தாலும் கல்லாக நிற்கும். எதையும் தூக்கி எறியலாம் என்று பழகிய விளையாட்டில் இது செட்டைப் போலத் தோன்றிவிடும். நான் பிரித்துக்கொள்வது இப்படி: கதையைத் தாங்கும் மெழுகுவத்தி, ஏணி, படகு மூன்றும் அசையாதவை. மேசைப் பாத்திரம், காலி டப்பா, இரண்டாவது நாற்காலி இவையெல்லாம் அசையும். கதையைத் தாங்கும் நாற்காலி மட்டும் தொல்லை. அசைந்தால்தான் நம்பும்படி இருக்கும், அசைந்தால் திசை மாறிவிடும். அதை ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கமாகச் செருகிவைத்து, கனத்தைக் கூட்டிவிட வேண்டும். இடித்தால் கொஞ்சம் நகரும், திரும்பாது.

ஒழுங்காகச் செய்தும் கெட்டுப்போகக் காரணங்கள் உண்டு. அதில் அதிகம் பார்க்கக் கிடைப்பது காலப்பிழை. ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். எரிந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று பொருள். ஆடுபவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகத் தேடப்போவார். ‘ஃபால்அவுட் 3’ இந்தத் தவறுக்குப் பேர்போனது. அணு ஆயுதப் போர் 2077இல் நடக்கிறது, கதை 2277இல். இருநூறு ஆண்டுக்குப் பிறகும் கடை அலமாரிகளில் உணவுப் பொட்டலம் இருக்கிறது, ஆட்கள் வந்து போகும் இடங்களில்கூட எலும்புக்கூடுகள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. கட்டிலில் ஒருவரையொருவர் அணைத்தபடி கிடக்கும் இரண்டு எலும்புக்கூடுகள் முதல்முறை நெஞ்சைத் தொடும். அதே மாதிரிக் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும்போது அடுக்கிவைத்தவரின் கைதான் தெரிகிறது. எலும்புக்கூட்டின் கையில் மதுக்குப்பியும் கரடிப் பொம்மையும் கொடுத்துவிட்டால் கதை ஆகிவிடும் என்ற நினைப்பு அந்தத் தொடரைப் பார்த்துப் பலருக்கும் தொற்றியது.

இன்னொரு கோளாறு வரிசை. நம் வீட்டில் ஆடுபவர் முதலில் மெழுகுவத்திகளைப் பார்த்து, பிறகு ஜெட்டிக்குப் போய், எட்டிப்பார்த்தால்தான் அடி சரியாக விழும். அவர் மணல் வழியாக வந்துவிட்டால் படகைத்தான் முதலில் பார்ப்பார்; யாரோ ஏற முடியாமல் செத்தார் என்ற விபத்தாக அது முடிந்துபோகும். மணல் பக்கத்தைப் பாறையால் அடைத்துவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டு வழியையும் திறந்துவிட்டு, இரண்டுக்கும் தக்கபடி கட்டுவது. கீழிருந்து வருபவர் படகைப் பார்த்து, கயிற்றைத் தொடர்ந்து மேலே பார்த்து, அங்கே ஜெட்டிக்குப் பின்னால் வீட்டுக் கூரை தெரியவேண்டும். ஜன்னல் மட்டும் தெரியக் கூடாது. பிறகு வீட்டுக்குள் போகும்போது மெழுகுவத்திகளை அவர் வேறு விதமாகப் படிப்பார். முன்னவருக்குக் காத்திருப்பு முதலில், சாவு பிறகு. பின்னவருக்குச் சாவு முதலில், அது யாருக்கும் தெரியாமல் போனது பிறகு. இரண்டாவதுதான் இன்னும் கொடுமையானது என்றுகூடத் தோன்றுகிறது.

கொலை நடந்த வீட்டில் போலீஸார் எழுதும் மகஜரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எது எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்பதுதான் அதில் இருக்கும், ஏன் என்று ஒரு வரியும் இருக்காது. லெவல் கட்டுபவரும் மகஜர் எழுதும் அதே எல்லைக்குள் நிற்க வேண்டியவர். பொருள்களால் காத்திருப்பைச் சொல்ல முடியும், அவசரத்தைச் சொல்ல முடியும், பழக்கத்தையும் தோல்வியையும் எது முன் எது பின் என்பதையும் சொல்ல முடியும். அவர்கள் புருஷன் பெண்டாட்டியா, அண்ணன் தம்பியா, கடைசியாகச் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தார்களா என்பதையெல்லாம் சொல்ல முடியாது. மன்னிப்பும் வாக்குறுதியும் பொருளில் ஏறுவதில்லை. அவை கதைக்குத் தேவை என்றால் நம் வீடு அந்தக் கதைக்குப் பொருத்தமான இடமில்லை.

இந்த இடத்தில்தான் பல பேர் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்துவிடுகிறார்கள். 2007இல் வந்த ‘பயோஷாக்’ கடலடி நகரம் முழுக்க ஒலிப்பதிவுகளைச் சிதறவிட்டது. அதற்குப் பிறகு பாழடைந்த இடம் என்றால் நாட்குறிப்பு கிடைத்தே தீரும் என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சாகப்போகிறவர்கள் எல்லோரும் இத்தனை பொறுப்பாக உட்கார்ந்து எழுதுவார்களா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. கடிதம் கிடைத்தவுடன் ஆடுபவர் அறையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். விடை கைக்கு வந்துவிட்டதே.

இதற்கு விதிவிலக்கு என்று நான் ஒத்துக்கொள்வது 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமின் சாக்கடைச் சுரங்கப் பகுதி. பூஞ்சைத் தொற்றால் உலகம் அழிந்தபின் சிலர் அங்கே ஒரு குடியிருப்பை நடத்தியிருக்கிறார்கள். இஷ் என்று ஒருவர் எழுதிய குறிப்புகள் வழியில் கிடைக்கின்றன. எனவே இது முழுக்க மௌனமான இடம் இல்லை. ஆனால் அந்தக் குறிப்புகள் ஆரம்பத்தின் நம்பிக்கையை மட்டுமே அதிகம் பேசுகின்றன. மழைநீர் சேமிக்கும் ஏற்பாடு, சுவரில் குழந்தைகள் வரைந்த படங்கள், ஒரு வகுப்பறை, பந்து விளையாட ஓர் இடம் என்று போய்க்கொண்டே இருக்கும்போது ஒரு மூடிய அறை வருகிறது. அதற்குள் துணியால் போர்த்திய சிறிய உடல்கள், அருகே பெரியவர் ஒருவரின் உடல். தரையில், அவர்கள் துன்பப்படவில்லை என்று சுருக்கமாக ஒரு வரி.

அந்த ஒரு வரி இல்லாமலும் அது நின்றிருக்குமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உடல்களின் அளவே குழந்தைகள் என்று சொல்கிறது. போர்த்தியிருப்பதால் வேறு யாரோ பொறுமையாகச் செய்தது தெரிகிறது. தொற்றுப்பட்டவை போர்த்திவிட்டுப் போகாது. பெரியவர் பக்கத்திலேயே கிடக்கிறார். இவ்வளவும் மௌனத்திலேயே விளங்கிவிடுகிறது. வரி சேர்ப்பது ஒன்றைத்தான்: அவர் இதைப் பிறகு வருபவர்களுக்கு விளக்க நினைத்தார் என்பது. அது பொருளால் சொல்ல முடியாத ஒன்று, ஆகவே அங்கே எழுத்துக்கு இடம் உண்டு. நம் கடற்கரை வீட்டில் அப்படி யாருக்கும் யாரிடமும் சொல்ல எதுவும் இல்லை. காத்திருந்தவருக்கு விஷயமே தெரியாது. அதனால் கடிதம் வைத்தால் அது பொய்யாக இருக்கும்.

கட்டி முடித்ததும் செய்ய வேண்டியது, இதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரை உட்காரவைத்து விளையாடவிடுவது. பின்னால் நின்று பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. நமக்கு மிகவும் பிடித்த ஏணியை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார். அப்போதும் விரல் நீட்டக் கூடாது. முடிந்தபின் ஒரே கேள்வி, அங்கே என்ன நடந்தது? மெழுகுவத்தி இருந்தது, படகு இருந்தது, ஏணி இருந்தது என்று பட்டியல் போட்டால் பொருள்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் வீட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவே இணைப்பு அறுந்திருக்கும். ஜன்னலிலிருந்து ஜெட்டியின் முனை தெரியாமல் இருக்கும், அல்லது தூரம் அதிகமாக இருக்கும். ‘யாரோ கொள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்’ என்றால் அறையில் சாய்ந்த பொருள்கள் அதிகம். ‘சண்டை நடந்திருக்கிறது’ என்றால் சிவப்பு மெழுகு வைத்துவிட்டோம், அவருக்கு அது ரத்தமாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளைக்கு மாற்ற வேண்டும்.

‘அவர் திரும்பி வந்திருக்கிறார், அவளுக்குத் தெரியவில்லை’ என்று சொன்னால் வேலை முடிந்தது. இந்தப் பதிலில் ‘அவர்’, ‘அவள்’ இரண்டுமே நாம் கொடுக்காதவை. வேறொருவர் மகன், அப்பா என்று சொல்லக்கூடும். அதைத் திருத்தப் புகைப்படம் ஒன்றைச் சுவரில் மாட்டலாமா என்று ஆசை வரும். மாட்டினால் ஒருவருக்குச் சரியாகும், மற்றவர்களுக்குத் தம் வீட்டு ஆட்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கும் வாய்ப்புப் போய்விடும். நான் மாட்டமாட்டேன். மாறாக, எடுப்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். ஜெட்டிக் காலில் போட்ட கீறல்களை எடுத்துவிட்டு அடுத்தவரை விளையாடவிடுவேன். துடுப்பைக் கட்டியிருக்கும் விதத்திலிருந்தே அவர் புரிந்துகொண்டால் கீறல்கள் திரும்ப வரத் தேவையில்லை.